பில் எங்கே நிற்கிறது?
பதில் சொல்லாதவரைத் தாண்டி நிதித் தலைவருக்கு எழுதும் மெயிலை மனம் நோகாமல் திருத்துவது எப்படி

சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. பில்லும் அனுப்பியாகிவிட்டது. கெடு தாண்டியும் பணம் வரவில்லை. வாங்கிய நிறுவனத்தில் நமக்குத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். அவரோ மெயிலுக்குப் பதில் போடுவதில்லை, போன் அடித்தால் எடுப்பதில்லை. அந்த நிறுவனத்தின் நிதித் தலைவருடைய மெயில் முகவரி எப்படியோ கைக்குக் கிடைத்திருக்கிறது. எழுதலாமா? எழுதினால் நம்முடைய ஆள் கோபித்துக்கொள்வாரா? அடுத்த ஆர்டர் கைவிட்டுப் போய்விடுமா?

பெரிய நிறுவனங்களுக்குப் பொருள் செய்து கொடுக்கும் சிறு தொழில்காரர்கள் பலரும் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் பயந்துபோய் இன்னும் இரண்டு மாதம் காத்திருக்கிறார்கள். சிலர் பொறுமை கெட்ட ஓர் இரவில் பொங்கி எழுதி அனுப்பிவிடுகிறார்கள். முதல் வழியில் பணம் நிற்கிறது, இரண்டாவது வழியில் உறவு முறிகிறது. இரண்டும் வேண்டாம் என்றால் மெயிலின் பேச்சையே மாற்ற வேண்டும். பதில் சொல்லாத மனிதரை விட்டுவிட்டு, பில் எங்கே நிற்கிறது என்று மட்டும் கேட்க வேண்டும். இந்த ஒரு மாற்றத்தைச் செய்தால் மெயிலில் எந்த வரி இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்பது தானே தெளிவாகிவிடும்.

ஒரு மாதிரிக் கணக்கு

உதாரணத்துக்கு இப்படி ஒரு நிலைமையை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூரில் ஒரு சிறு தொழிற்கூடம். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள ஒரு தொழிற்சாலைக்கு உலோகத்தில் பாதுகாப்பு அறிவிப்புப் பலகைகள் செய்து கொடுக்கிறார்கள். 184 பலகைகள், ஒன்று 2,000 ரூபாய். மொத்தம் 3,68,000 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி 66,240 ரூபாய், ஆக 4,34,240 ரூபாய். சரக்கு ஆலைக்குள் போனது 2025 ஜூன் 10. பில் தேதி ஜூன் 12. பர்ச்சேஸ் ஆர்டரில், அதாவது எல்லோரும் பிஓ என்று சொல்லும் தாளில், சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 45 நாளில் பணம் என்று இருக்கிறது. அந்தக் கணக்குப்படி கெடு ஜூலை 25.

ஆர்டர் கொடுத்தவர் அந்த ஆலையின் கொள்முதல் மேலாளர். வேலை நடந்தபோது தினமும் பேசியவர். ஜூலை 14 அன்று ஒரு நினைவூட்டல், 28 அன்று இன்னொன்று, ஆகஸ்ட் 5 அன்று மூன்றாவது. மூன்றுக்கும் பதில் இல்லை. இப்போது உரிமையாளர் நிதித் தலைவருக்கு எழுத உட்காருகிறார்.

எழுதத் தொடங்குவதற்கு முன் அவர் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. மேலாளர் ஏன் பேசாமல் இருக்கிறார் என்று காகிதங்களை வைத்துக்கொண்டு யோசிப்பது.

மௌனத்துக்குப் பின்னால்

பெரிய நிறுவனத்தில் ஒரு பில் பணமாக மாற மூன்று காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். முதலாவது பிஓ. இரண்டாவது, சரக்கு வந்தது என்று ஆலையின் ஸ்டோர்ஸ் பதிவு செய்யும் வரவுச் சீட்டு. ஜிஆர்என் என்று இதைச் சொல்வார்கள். மூன்றாவது நம்முடைய பில். எண்ணிக்கையும் விலையும் மூன்றிலும் ஒன்றாக இருந்தால்தான் கணக்குப் பிரிவு பில்லைப் பதிவு செய்யும். பதிவான பிறகே அது பணம் அனுப்பும் பட்டியலில் ஏறும். பல நிறுவனங்களில் அந்தப் பட்டியல் வாரத்தில் குறிப்பிட்ட ஒரு நாளில்தான் ஓடும்.

ஆகவே மேலாளர் பேசாமல் இருப்பதற்கு மூன்று விதமான காரணங்கள் இருக்கலாம். ஒன்று, அவருக்கு இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பிஓவின் அடியிலோ பின்பக்க நிபந்தனைகளிலோ, பில்லைக் கணக்குப் பிரிவின் பொது மெயில் முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அச்சிட்டிருக்கும். நாம் அதைப் பார்க்காமல் மேலாளருக்கே அனுப்பியிருப்போம். அவர் அதைப் பார்த்துவிட்டு, கணக்குப் பிரிவுக்கும் போயிருக்கும் என்று நினைத்திருப்பார். இந்த நிலையில் நிதித் தலைவருக்குப் புகார் எழுதினால் தவறு நம்முடையது என்பது முதல் பதிலிலேயே வெளிவரும். அதனால் பிஓவை முதலில் கடைசி வரி வரை படிக்க வேண்டும். அப்படி ஒரு முகவரி இருந்தால் அங்கே பில்லை அனுப்பி ஒரு வாரம் பார்க்கலாம். நிதித் தலைவர் வரை போகத் தேவையே இருக்காது.

இரண்டாவது, சரக்கு வந்தும் ஸ்டோர்ஸில் ஜிஆர்என் போடாமல் இருப்பது. இது மிகச் சாதாரணமாக நடக்கும். பலகைகள் நேராகப் பொருத்தும் இடத்துக்குப் போயிருக்கும், ஸ்டோர்ஸ் புத்தகத்தில் ஏறியிருக்காது. மேலாளர் அங்கே சொல்லிக்கொண்டே இருப்பார், வேலை ஆகாது. நல்ல பதில் சொல்ல முடியாதபோது மனிதர்கள் பதில் சொல்வதையே தள்ளிப்போடுவார்கள்.

மூன்றாவது காரணம்தான் ஆபத்தானது. பிஓவில் 170 பலகை என்று இருந்து, வேலை நடக்கும்போது மேலாளர் வாய்மொழியாக, “இன்னும் 14 சேர்த்துப் போட்டுடுங்க சார், பிஓ மாத்திக் கொடுத்துடறேன்” என்று சொல்லியிருக்கலாம். நாமும் செய்து கொடுத்து 184க்கு பில் போட்டிருப்போம். பிஓ மாறவில்லை. அனுமதி இல்லாமல் 28,000 ரூபாய்க்கு வேலை சொன்னது அவருக்கு உள்ளே ஒரு சிக்கல். அதை யாரிடமும் சொல்லத் தயங்கிக்கொண்டு அவர் இருக்கிறார். இந்த நேரத்தில் நிதித் தலைவருக்கு 184 பலகை பில்லோடு மெயில் போனால், எவ்வளவு பணிவாக எழுதியிருந்தாலும் அது அவரைக் காட்டிக்கொடுத்ததாகத்தான் முடியும்.

இந்தச் சந்தேகத்தைத் தீர்க்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பிஓ, டெலிவரி சலான், பில் மூன்றையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணிக்கை, விலை, பிஓ எண் மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தால் போதும். ஒத்துப்போகவில்லை என்றால் நிதித் தலைவருக்கு எழுதக் கூடாது. மேலாளரிடமே நேரில் போய், “கூடுதல் 14 பலகைக்கு பிஓ திருத்தம் வர நாள் ஆகும்னா, முதல்ல 170க்கு மட்டும் பில் மாத்தித் தரட்டுமா சார்?” என்று கேட்கலாம். அவருக்கு வெளியே வர ஒரு வழி கிடைக்கும். அவர் சரி என்றால் ஏற்கெனவே போட்ட பில்லுக்கு கிரெடிட் நோட் போடுவதை நம்முடைய ஆடிட்டரிடம் கேட்டுச் செய்துகொள்ளலாம்.

தரத்தில் தகராறு இருந்தாலும் இதே விதிதான். பத்துப் பலகைகளில் எழுத்து உரிகிறது என்று அவர் எப்போதாவது சொல்லியிருந்தால், அதை முடிக்காமல் நிதிப் பக்கம் போவதில் பயன் இல்லை. வேலை சரியா தவறா என்று நிதித் தலைவர் தீர்ப்பு சொல்ல மாட்டார். கேள்வியை மேலாளருக்கே திருப்பி அனுப்புவார்.

நம்முடைய மாதிரியில் பிஓவிலும் 184தான், சலானிலும் 184தான், பில்லிலும் 184தான். பில் அனுப்பத் தனி முகவரி எதுவும் பிஓவில் இல்லை. தரத்தில் குறையும் யாரும் சொல்லவில்லை. இனி எழுதலாம்.

நிதித் தலைவருக்கு இதில் என்ன இருக்கிறது

பொங்கி எழுதுகிறவர்கள் நிதித் தலைவரை ஒரு நீதிபதியாக நினைத்துக்கொள்கிறார்கள். நடந்ததை எல்லாம் சொன்னால் நியாயம் வழங்குவார் என்று எதிர்பார்க்கிறார்கள். அவருடைய அன்றாட வேலை வேறு. கணக்குப் புத்தகத்தில் ஏறாத ஒரு பில் வெளியே சுற்றிக்கொண்டிருப்பது அவருக்கே தலைவலி. காரணங்களைத் தெரிந்துகொண்டால் மெயிலில் எந்தத் தகவல் அவரை அசைக்கும் என்பது புரியும்.

முதலில் ஜிஎஸ்டி. நாம் ஜூன் மாதக் கணக்கை உரிய நாளுக்குள் தாக்கல் செய்திருந்தால், வாங்கிய நிறுவனத்தின் பெயரில் ஜூலை 14 அன்று உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் நம்முடைய பில் தெரியும். அதில் உள்ள 66,240 ரூபாயை அவர்கள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். பில் அவர்கள் புத்தகத்தில் ஏறாதவரை அது முடியாது. பட்டியலில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை என்ற வித்தியாசம் மாதா மாதம் அவருடைய ஆட்களுக்கு முன்னால் வந்து நிற்கும். ஆகவே “இந்த பில் எங்கள் ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1ல் காட்டப்பட்டிருக்கிறது” என்ற ஒரு வரி, அவர் தேடிக்கொண்டிருக்கும் ஒரு விஷயத்துக்கு விடையாகக்கூட அமையலாம். காலாண்டுக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் சிறு நிறுவனங்கள் மட்டும் இங்கே கவனமாக இருக்க வேண்டும். காலாண்டின் முதல் இரண்டு மாத பில்களை இடையில் தனியாக ஏற்றாவிட்டால் அவை காலாண்டு முடிந்த பிறகே வாங்கியவருக்குத் தெரியும். தெரியாத பில்லைத் தெரியும் என்று எழுதிவிடக் கூடாது.

அடுத்தது உத்யம் பதிவு. குறு, சிறு நிறுவனமாகப் பதிவு செய்துகொண்டு பொருள் தயாரிப்பவருக்கோ சேவை தருபவருக்கோ ஒப்பந்தக் கெடுவுக்குள், எப்படியும் 45 நாளுக்குள், பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். வாங்கி விற்கிற வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. கெடு தவறினால், அந்தச் செலவைப் பணம் கொடுத்த ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும் என்ற விதி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதோடு, 45 நாள் தாண்டிய சிறு நிறுவன நிலுவைகளைக் கம்பெனிகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற ஆணை 2019இலிருந்து இருக்கிறது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான நிலுவைக்கு அக்டோபர் 31 கடைசி நாள். இதெல்லாம் நிதித் தலைவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவருக்குத் தெரியாமல் இருக்கக்கூடியது, இப்படி ஒரு பில் தன்னுடைய நிறுவனத்தில் நிற்கிறது என்பதுதான். அதைத் தெரியப்படுத்தினால் போதும். சட்டத்தை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

முதல் வரைவும் அதன் காயங்களும்

இந்த மெயில்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் போகின்றன. இங்கே தமிழில் தருகிறேன். வரிசையும் தொனியும் எந்த மொழியிலும் ஒன்றுதான். உரிமையாளர் முதலில் எழுதியது இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

> பொருள்: மிக அவசரம் – நிலுவைத் தொகை
>
> மேடம், வணக்கம். உங்கள் கொள்முதல் மேலாளருக்குப் பலமுறை மெயில் அனுப்பியும் போன் செய்தும் இதுவரை எந்தப் பதிலும் இல்லை. எனவே வேறு வழியில்லாமல் தங்களைத் தொடர்பு கொள்கிறேன். எங்கள் பில் தொகை நீண்ட நாட்களாக நிலுவையில் உள்ளது. நாங்கள் சிறு நிறுவனம், சம்பளம் கொடுக்கவே சிரமப்படுகிறோம். தாங்கள் உடனே தலையிட்டுத் தொகையை விடுவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் எம்எஸ்எம்இ சட்டப்படி நடவடிக்கை எடுக்க நேரிடும்.

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் நிதித் தலைவர் என்ன செய்வார் என்று பாருங்கள். முதல் வாக்கியத்திலேயே தன் சக அதிகாரி மீது ஒரு வெளியாள் குற்றம் சொல்கிறார். அவர் இதை அப்படியே மேலாளருக்கு அனுப்பி, “என்ன இது?” என்று இரண்டு வார்த்தை சேர்ப்பார். மேலாளர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார். அதற்கு எளிய வழி நம் பக்கம் ஏதாவது குறை கண்டுபிடிப்பது.

“வேறு வழியில்லாமல்” என்பது பணிவாகத் தோன்றும். உள்ளே பார்த்தால், ஒருவர் தன் கடமையைச் செய்யத் தவறினார் என்று இரண்டாம் முறை சொல்கிறது. “நீண்ட நாட்களாக” என்பதில் தேதி இல்லை, பில் எண் இல்லை, பிஓ எண் இல்லை, தொகைகூட இல்லை. உதவி செய்ய நினைத்தாலும் எதை வைத்துத் தேடுவார்? சம்பளச் சிரமம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்த ஆள் அடுத்த ஆர்டரை முடித்துக் கொடுப்பாரா என்ற சந்தேகத்தைத்தான் அது வாங்குகிற நிறுவனத்துக்குத் தரும். “தலையிட்டு” என்பது சக அதிகாரிக்கு எதிராக ஒரு காரியம் செய்யச் சொல்வது. கடைசி வாக்கியம் வந்ததும் மெயில் சட்டப் பிரிவுக்குப் போகும். அவர்கள் பார்த்து முடிக்கும்வரை பில்லில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

திருத்திய மெயில்

இப்போது அதே உரிமையாளர் எழுத வேண்டியது:

> பொருள்: பில் 047, 12.06.2025 – பதிவு நிலை அறிய வேண்டி (பிஓ எண்ணுடன்)
>
> மேடம், வணக்கம்.
>
> உங்கள் ஸ்ரீபெரும்புதூர் ஆலைக்குப் பாதுகாப்பு அறிவிப்புப் பலகைகள் செய்து தரும் அம்பத்தூர் நிறுவனத்திலிருந்து எழுதுகிறேன். மேற்கண்ட பில் உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதா, அதற்கு எங்களிடமிருந்து ஏதாவது ஆவணம் தேவைப்படுகிறதா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.
>
> பிஓவின்படி 184 பலகைகளும் ஜூன் 10 அன்று ஆலையில் ஒப்படைக்கப்பட்டன. பில் தொகை ஜிஎஸ்டி உட்பட ரூ. 4,34,240. பிஓ நிபந்தனைப்படி கெடு ஜூலை 25. பில் எங்கள் ஜூன் மாத ஜிஎஸ்டிஆர்-1ல் காட்டப்பட்டுள்ளது. பில், பிஓ, ஆலை முத்திரையிட்ட டெலிவரி சலான், உத்யம் சான்றிதழ் நான்கையும் ஒரே கோப்பாக இணைத்திருக்கிறேன்.
>
> வேலையை எங்களோடு நடத்திக் கொடுத்த உங்கள் கொள்முதல் மேலாளருக்கும் இதன் நகல் அனுப்புகிறேன். அளவுகளையும் பொருத்தும் இடங்களையும் அவர் உடனுக்குடன் முடிவு செய்து தந்ததால் வேலை குறித்த நாளில் முடிந்தது.
>
> பில் பதிவைப் பார்ப்பவர் வேறொருவர் என்றால் அவருடைய முகவரியைத் தெரிவித்தால் போதும், அவரிடமே தொடர்கிறேன். நன்றி.

மாறியிருப்பதைக் கவனியுங்கள். மெயிலில் எங்கும் “பதில் இல்லை” என்ற பேச்சே இல்லை. ஜூலை 14, ஜூலை 28, ஆகஸ்ட் 5 என்ற மூன்று நினைவூட்டல்களும் காணாமல் போய்விட்டன. அவற்றைக் கீழே இழுத்துக்கொண்டு பழைய மெயிலிலேயே பதிலாகத் தொடரக் கூடாது. புதிதாக ஒரு மெயில் எழுத வேண்டும். பழைய தொடரை அனுப்பினால் நாம் சொல்லாமல் விட்டதை அந்தத் தொடரே சொல்லிவிடும்.

கேட்டது பணம்கூட இல்லை. பதிவாகியிருக்கிறதா என்ற ஒரு கேள்வி. நிதித் தலைவர் தன் உதவியாளரிடம் கொடுத்தால் பில் எண்ணை வைத்துச் சில நிமிடங்களில் விடை தெரிந்துவிடும். யாரையும் கண்டிக்காமல், யாரிடமும் விளக்கம் கேட்காமல் அவர் பதில் சொல்ல முடிகிற கேள்வி அது. கெடு தேதி ஜூலை 25 என்று ஒரு தகவலாக நடுவில் நிற்கிறது. எத்தனை நாள் தாமதம் என்று நாம் எண்ணிக் காட்டவில்லை. அவரே எண்ணிக்கொள்வார். சட்டத்தின் பெயரும் இல்லை. உத்யம் சான்றிதழ் இணைப்பில் இருக்கிறது, அதன் பொருள் அவருக்குத் தெரியும்.

மேலாளரைப் பற்றிய வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டுமே போட வேண்டும். அவர் நிஜமாகவே செய்த ஒரு காரியத்தைக் குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும். பொதுவாகப் புகழ்ந்தால் காரியத்துக்காகப் புகழ்கிறார் என்பது தெரிந்துவிடும். “அவர் வேலைப்பளுவில் இருப்பார் என்று நினைக்கிறேன்” என்று சிலர் நல்லெண்ணத்தோடு எழுதுவதுண்டு. அதைத் தவிர்ப்பது நல்லது. அவர் பதில் போடவில்லை என்பதை அது சுற்றிவளைத்துச் சொல்லிவிடுகிறது.

கடைசி வரிக்கும் ஒரு வேலை உண்டு. நிதித் தலைவர் நேரடியாகப் பதில் எழுதாமல், கணக்குப் பிரிவில் ஒருவரைக் கைகாட்டிவிட்டு விலகிக்கொள்ள அது வழி விடுகிறது. நமக்கு வேண்டியதும் அந்த ஆள்தான்.

அனுப்புவதற்கு முன்னும் அனுப்பும்போதும்

இவ்வளவு திருத்தியும், மேலாளர் இந்த மெயிலை எந்த முன்தகவலும் இல்லாமல் திடீரென்று பார்த்தால் முகம் சுருங்கத்தான் செய்யும். அதனால் இரண்டு வேலை நாளுக்கு முன்பு அவருக்கு ஒரு செய்தி போக வேண்டும். ஆகஸ்ட் 12 செவ்வாய்க்கிழமை அனுப்புவதாக இருந்தால் 8ஆம் தேதி வெள்ளிக்கிழமை வாட்ஸ்அப்பில் இப்படி எழுதலாம்: “வணக்கம் சார். பில் 047 பதிவாகியிருக்கிறதா என்று உங்கள் கணக்குப் பிரிவில் கேட்டுச் செவ்வாய்க்கிழமை ஒரு மெயில் அனுப்பலாம் என்று இருக்கிறேன். உங்களையும் நகலில் வைக்கிறேன். அதில் நான் சேர்க்க வேண்டியதோ விட வேண்டியதோ இருந்தால் சொல்லுங்கள்.”

“நீங்கள் பதில் சொல்லாவிட்டால்” என்ற நிபந்தனை இதில் இல்லை என்பதைப் பாருங்கள். நிபந்தனை வைத்தால் அது மிரட்டல். இல்லாவிட்டால் அது மரியாதை. அவர் ஸ்டோர்ஸைத் தட்டி எழுப்ப இரண்டு நாள் கிடைக்கிறது. “சார், ஜிஆர்என் இன்னிக்குப் போட்டுடறாங்க, மெயில் வேண்டாம்” என்று பதில் வரலாம். வந்தால் எந்த நாளுக்குள் பதிவாகும் என்று கேட்டு, அந்த நாள்வரை காத்திருக்கலாம். பதில் வராவிட்டால் சொன்னபடி செவ்வாய்க்கிழமை அனுப்ப வேண்டும். சொல்லிவிட்டு அனுப்பாமல் இருந்தால் அடுத்த முறை நம் சொல்லுக்கு எடை இருக்காது.

நகல் எங்கே வைப்பது என்பதில் குழப்பமே வேண்டாம். நிதித் தலைவர் பெறுநர், மேலாளர் எல்லோருக்கும் தெரியும்படி சிசியில். அவரை விட்டுவிட்டால் மேலதிகாரி மூலமாகத்தான் அவருக்கு விஷயம் தெரியவரும். மனம் நோகச் செய்வது பெரும்பாலும் அதுதான். மறைவாக பிசிசியில் வைப்பதும் சரியில்லை. அவர் தவறி எல்லோருக்கும் பதில் போட்டுவிட்டால் மறைத்தது வெளிவந்துவிடும். நிர்வாக இயக்குநரையோ வேறு துறைத் தலைவர்களையோ சேர்ப்பதும் கூடாது. ஆட்கள் கூடக்கூட ஒரு சாதாரண விசாரணை பஞ்சாயத்தாகிவிடும்.

நாளையும் பார்த்து அனுப்பலாம். மாதத்தின் முதல் வாரம் கணக்கு முடிக்கும் நெருக்கடி. 7ஆம் தேதி டிடிஎஸ் கட்டும் நாள், 11 ஜிஎஸ்டிஆர்-1, 20 ஜிஎஸ்டிஆர்-3பி. இவற்றுக்கு இடையில் 12 முதல் 17 வரையிலும், 20க்குப் பிறகு மாதக் கடைசிக்கு முன்னும் நிதிப் பிரிவு சற்று மூச்சு விடும். காலையில் முதல் மெயிலாகப் போனால் இன்னும் நல்லது.

பதில் வந்த பிறகு

பெரும்பாலும் வரும் பதில் ஒரே வரிதான். “பில் வரவில்லை, இந்த முகவரிக்கு அனுப்பவும்” என்றால் அன்றே அனுப்பிவிட்டு அந்த ஆளோடு பேச்சை வைத்துக்கொள்ள வேண்டும். நிதித் தலைவரை அடுத்த மெயிலிலிருந்து விட்டுவிடலாம். மேலாளர் மட்டும் நகலில் தொடரட்டும்.

“ஜிஆர்என் இல்லை” என்று வந்தால் பந்து மறுபடியும் மேலாளர் பக்கம். இங்கேதான் பலர் வென்றுவிட்டதைப் போல எழுதிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மேலாளருக்குத் தனியாக எழுத வேண்டும்: “சார், கணக்குப் பிரிவில் ஜிஆர்என் மட்டும் கேட்கிறார்கள். ஸ்டோர்ஸ் முத்திரையிட்ட சலான் இணைத்திருக்கிறேன். மூலப் பிரதியோடு எங்கள் ஆளை வியாழக்கிழமை ஸ்டோர்ஸுக்கு அனுப்பட்டுமா?” இத்தனை நாள் பதில் இல்லாததைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அவருடைய வேலையை நாம் பாதி செய்து கொடுக்கிறோம், அவர் மீதியைச் செய்துவிடுவார்.

மேலாளர் கடுகடுப்பாக, “என்னிடம் கேட்டிருக்கலாமே” என்று எல்லோருக்கும் பதில் போடுவதும் உண்டு. கேட்ட தேதிகளை எடுத்துக் காட்டக் கை துடிக்கும். அப்போதும் அந்தத் தேதிகளை வெளியே எடுக்காமல், “சரி சார், இனி உங்களிடமே தொடர்கிறேன். பதிவு எப்போது ஆகும் என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்” என்று முடிக்கலாம். அவர் எல்லோர் முன்னிலும் ஒரு நாள் சொல்ல வேண்டிய நிலை வந்துவிட்டது, நமக்கு அது போதும்.

நிதித் தலைவரும் பேசவில்லை என்றால் ஐந்து வேலை நாள் கழித்து அந்த நிறுவனத்தின் பொது எண்ணுக்குப் போன் செய்து, பில் பதிவு செய்யும் பிரிவைக் கேட்டுப் பேச வேண்டும். கேள்வி அதேதான். பில் 047 பதிவாகியிருக்கிறதா?

பணம் வந்ததும் இருவருக்கும் ஒரே மெயிலில் நன்றி சொல்ல வேண்டும். மேலாளரின் பெயர் முதலில் வரட்டும். அவருடைய மேலதிகாரிகள் பார்க்கும் இடத்தில் அவருக்கு நல்ல பெயர் கிடைத்தால் தாண்டிப் போனதன் கசப்பு பெரும்பாலும் அங்கேயே தீர்ந்துவிடும்.

சட்டம் எப்போது

எல்லா வழியும் அடைபட்டால் சட்டம் இருக்கிறது. தாமதமான தொகைக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக, எம்எஸ்எம்இ சட்டப்படி கேட்கலாம். மாநிலத்தின் வசதிப்படுத்தும் மன்றத்தில் மனு போடலாம். ஆனால் அது வேறு கட்டம், வேறு கடிதம். அந்த நிறுவனத்தோடு இனி வேலை வேண்டாம் என்றாலும் பரவாயில்லை என்று முடிவெடுத்த பிறகு, ஆடிட்டரையும் வழக்கறிஞரையும் கேட்டு எழுத வேண்டியது. நிதித் தலைவருக்குப் போகும் முதல் மெயிலில் அதன் நிழல் விழுந்தால் இந்தக் கட்டம் வீணாகிவிடும். இந்த மெயிலைப் பணிவாக எழுதியதால் நம் உரிமை குறைந்துவிடாது. தேதிகளோடும் ஆவணங்களோடும் போன மெயில் நாளைக்குச் சாட்சியாகவும் நிற்கும்.

அடுத்த ஆர்டரில் இந்த நிலைமை வராமல் தடுக்க முடியும். பிஓ கைக்கு வந்த அன்றே மேலாளரிடம், “பில் போடும்போது கணக்குப் பிரிவில் யாரை நகலில் வைக்கட்டும் சார்?” என்று கேட்டு, அவரே தரும் முகவரியை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பில் போகும்போதே அந்த முகவரியும் நகலில் இருக்கட்டும். கெடு நெருங்கும்போது, பதிவாகிவிட்டதா என்று இருவரையும் சேர்த்தே கேட்கலாம். அப்போது யாரையும் தாண்டிப் போக வேண்டியிருக்காது.